ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ரூட்டர் ஏன் சரியாகிறது, எப்போது மாற்ற வேண்டும்?

இணையம் நின்றுபோனால் நாம் முதலில் செய்வது ரூட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதான். பெரும்பாலும் அது வேலை செய்துவிடும். ஆனால் எதனால் சரியானது என்று பார்க்காமல் விட்டால் நாலு நாளில் அதே சிக்கல் திரும்பி வரும். பிறகு அது இரண்டு நாளைக்கு ஒருமுறை என்றாகும். கடைசியில் "ரூட்டர் பழசாகிவிட்டது" என்று சொல்லி மாற்றிவிடுவோம். பல சமயம் கோளாறு ரூட்டரில் இருக்காது, அதன் அடாப்டரில் இருக்கும். இதற்கு நேர்மாறாக, ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரைத்தான் உடனே மாற்றியாக வேண்டும் என்ற நிலையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, ரீஸ்டார்ட் செய்யும்போது உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்வது உதவும்.

ரீஸ்டார்ட் எதைச் சரிசெய்கிறது

ரூட்டர் ஒரு சின்னக் கணினி. அதில் ஒரு ப்ராசஸர், கொஞ்சம் ராம், கொஞ்சம் ஃபிளாஷ் நினைவகம் இருக்கும். அதை இயக்கும் மென்பொருளுக்குப் பெயர் ஃபர்ம்வேர். பெரும்பாலான வீட்டு ரூட்டர்களில் அது லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஃபர்ம்வேரும் உங்கள் வைஃபை பெயர், பாஸ்வேர்டு போன்ற அமைப்புகளும் ஃபிளாஷில் இருக்கும். மின்சாரம் போனாலும் அவை அழியாது. ஓடிக்கொண்டிருக்கும்போது சேரும் மற்ற எல்லாமே ராமில் இருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் ராம் துடைக்கப்பட்டு ஃபர்ம்வேர் முதலிலிருந்து தொடங்கும்.

ராமில் சேர்வதில் முக்கியமானது இணைப்பு அட்டவணை. வீட்டிலுள்ள ஃபோனோ கணினியோ வெளியே ஒரு இணைப்பைத் திறக்கும்போது, யார் எங்கே பேசுகிறார்கள் என்று ரூட்டர் ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து பதில் வந்தால் அதை எந்தக் கருவிக்குக் கொடுப்பது என்பது அந்த வரியைப் பார்த்துத்தான் தெரியும். அட்டவணைக்கு ஓர் உச்ச அளவு உண்டு. சிறிய ரூட்டர்களில் அது சில ஆயிரம் வரிகளில் முடிந்துவிடும். டாரண்ட் போன்ற மென்பொருள்கள் நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் திறந்து பாதியில் விட்டுவிடுவதால் அட்டவணை நிரம்பிவிடுகிறது. முறையாக மூடப்படாத ஒரு டிசிபி இணைப்பை லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் 5 நாள் வரை வைத்திருக்கும். ரூட்டர் தயாரிப்பாளர்கள் பலர் இந்தக் காலத்தைக் குறைத்துத்தான் தருகிறார்கள், எல்லோரும் அல்ல.

அட்டவணை நிரம்பியதை ஓர் அறிகுறியால் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வீடியோ அழைப்பு தடையில்லாமல் போகும், ஆனால் புதிதாக எந்தத் தளமும் திறக்காது. பழைய இணைப்புக்கு வரி இருக்கிறது, புதியதற்கு இடமில்லை என்பதே காரணம்.

ராமை மெல்ல மெல்லத் தின்னும் இன்னொன்று ஃபர்ம்வேரில் இருக்கும் பிழை. ஏதோ ஒரு நிரல், எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டே போகும். ஓரிரு வாரத்தில் ராம் தீர்ந்து ரூட்டர் தடுமாறும். இது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வந்தால் பழி ஃபர்ம்வேர் மீதுதான், வன்பொருள் மீது அல்ல.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நல்ல நிலையிலுள்ள ரூட்டரை வாடிக்கையாக ரீஸ்டார்ட் செய்யத் தேவையே இல்லை. மாதக்கணக்கில் தானாக ஓடும். வாரம் ஒருமுறை அதிகாலையில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்தால் கெடுதல் எதுவும் இல்லை, நினைவகம் கசியும் ஃபர்ம்வேர் இருந்தால் அது சமாளிக்கவும் உதவும். ஆனால் தினமும் செய்தால்தான் ஓடுகிறது என்றால் அது பராமரிப்பு ஆகாது. நோய் இருக்கிறது என்று அர்த்தம்.

செய்யும் முறையிலும் ஒரு சிறு ஒழுங்கு இருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்து 30 விநாடி காத்திருங்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் மிச்சமுள்ள மின்சாரம் வடிய அந்த நேரம் தாராளம். மோடம் தனிப்பெட்டியாக இருந்தால் முதலில் அதைப் போட்டு, அதன் விளக்குகள் நிலைபெற்ற பிறகு ரூட்டரைப் போடுங்கள். முழுதாக எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் ஒரு நிமிடம் பிந்தி வந்தால் பயப்பட வேண்டாம். ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் சேனல்களில், ரேடார் இல்லை என்று உறுதிசெய்ய ரூட்டர் குறைந்தது 60 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி.

பின்பக்கம் ஊசியால் குத்துமாறு இருக்கும் சிறு துளை ரீஸ்டார்ட்டுக்கு அல்ல. அதைப் பத்து விநாடி போல அழுத்திப் பிடித்தால் உங்கள் அமைப்புகள் எல்லாம் அழிந்து ரூட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையில் இல்லாமல் இதைச் செய்தால், அவர்களை அழைத்து வாங்கும்வரை இணையம் இருக்காது.

அடுத்த முறை அணைக்கும் முன் பார்க்க வேண்டியவை

ரீஸ்டார்ட் செய்தால் தடயமும் போய்விடும். பல ரூட்டர்களில் நிகழ்வுப் பதிவுகூட ராமில்தான் இருக்கிறது. அதனால் இணையம் நின்றதும் சுவிட்சுக்குப் போகாமல் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். முடிந்தால் ஒரு கணினியை கேபிள் மூலம் ரூட்டரில் இணைத்து, இந்த மூன்று கட்டளைகளையும் அதன் கட்டளைச் சாளரத்தில் வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். முதல் முகவரி ரூட்டருடையது. சில ரூட்டர்களில் அது 192.168.0.1 ஆகவோ வேறாகவோ இருக்கலாம், அடியிலுள்ள ஒட்டுச்சீட்டில் இருக்கும்.

```
ping 192.168.1.1
ping 8.8.8.8
ping example.com
```

முதலாவதற்கே பதில் இல்லை என்றால் ரூட்டர் உறைந்திருக்கிறது. முதலாவதற்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வரவில்லை என்றால் ரூட்டர் வெளியுலகத்தோடு பேசவில்லை. பெரும்பாலும் லைனிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ சிக்கல். அப்போதும் ரீஸ்டார்ட் உதவியது போலத் தெரியும், ஏனெனில் அது லைனைப் புதிதாக இணைத்துப் பார்க்கும். அதை வைத்து ரூட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் இரண்டுக்கும் பதில் வந்து மூன்றாவது மட்டும் தோற்றால், பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் வேலை நின்றிருக்கிறது. கேபிளில் மூன்றும் சரியாக இருந்து ஃபோனில் மட்டும் இணையம் இல்லை என்றால் வைஃபை பகுதியைப் பாருங்கள்.

ரூட்டர் பதில் தருகிறதென்றால் அதன் அட்மின் பக்கத்துக்குப் போங்கள். மேலே கொடுத்த முதல் முகவரியை உலாவியில் தட்டினால் வரும். அங்கே `Uptime` என்று ஒரு வரி இருக்கும், கடைசியாகத் தொடங்கி எவ்வளவு நேரமாகிறது என்று அது காட்டும். நீங்கள் கைவைக்காத ரூட்டரில் அது 14 நிமிடம் என்று காட்டினால், ரூட்டர் தானாகவே அணைந்து எழுந்திருக்கிறது. பதிவுப் பக்கத்திலும் இது தெரியும். வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் தனிக் கடிகார பேட்டரி கிடையாது. எழுந்ததும் இணையத்திலிருந்து நேரத்தை வாங்கும்வரை அவை 1970 ஜனவரி 1 போன்ற ஏதோ ஒரு பழைய தேதியையே காட்டும். பதிவின் நடுவே தேதி திடீரென்று அங்கே குதித்தால் அந்த இடத்தில் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனது என்று கொள்ளலாம்.

தானாக அணைந்து எழுந்தால் முதலில் அடாப்டர்

இந்த ஒரு கோளாறுக்காகவே ஏராளமான நல்ல ரூட்டர்கள் குப்பைக்குப் போகின்றன. அடாப்டருக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல உலரும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பொதுக்கணக்கு. அவை தளர்ந்த பின்னும், சும்மா இருக்கும்போது அடாப்டர் 12 வோல்ட் சரியாகவே தரும். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்து, வைஃபை முழு சக்தியில் ஒலிபரப்பும்போதுதான் வோல்ட் தாழும், ரூட்டர் ஒரு கணம் அணைந்து எழும். அடாப்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து "சரியாகத்தானே இருக்கிறது" என்று ஏமாறுவது இதனால்தான். பளு இல்லாமல் அளந்த வோல்ட் எதையும் நிரூபிக்காது.

மாற்று அடாப்டர் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. வோல்ட் எண் அப்படியே பொருந்த வேண்டும். 9 வோல்ட் ரூட்டரில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் ரூட்டர் கருகலாம். ஆம்பியர் எண் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். 1 ஆம்பியர் கேட்கும் ரூட்டருக்கு 1.5 ஆம்பியர் அடாப்டர் கெடுதல் செய்யாது, ரூட்டர் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். பின்னின் தடிமனும், நடுவில் ப்ளஸ்ஸா மைனஸா என்ற குறியும் பழைய அடாப்டரில் இருந்தது போலவே இருக்க வேண்டும்.

இதற்கு அடுத்த சந்தேகம் வெப்பம். மோடத்தின் தலைமேல் ரூட்டரை அடுக்குவது, மூடிய அலமாரிக்குள் வைப்பது, காற்றுத்துளைகளில் தூசி அடைவது ஆகியவையே வழக்கமான காரணங்கள். ரூட்டரைத் திறந்த இடத்தில் ஒரு நாள் வைத்துப் பாருங்கள். தொந்தரவு நின்றால் கண்டுபிடித்தாயிற்று.

ஃபர்ம்வேர் அப்டேட்: எங்கே தவறுகிறது

அப்டேட்டில் வரும் திருத்தங்கள் இரண்டு வகை. நினைவகக் கசிவு, வைஃபை துண்டிப்பு போன்ற தொந்தரவுகளுக்கானவை ஒருவகை. வெளியிலிருந்து ஒருவர் ரூட்டருக்குள் நுழைய உதவும் ஓட்டைகளை அடைப்பவை மற்றொரு வகை. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான் தள்ளிப்போடுகிறோம்.

அட்மின் பக்கத்தில் தானியங்கி அப்டேட் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுவதே நல்லது. இணைய நிறுவனமே தந்த ரூட்டர் என்றால் பெரும்பாலும் அவர்களே தொலைவிலிருந்து அப்டேட் செய்வார்கள். அதில் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்த பொதுவான ஃபர்ம்வேரை ஏற்றக் கூடாது, நிறுவனத்தின் லைன் அமைப்புகள் போய்விடும். சொந்தமாக வாங்கிய, தானியங்கி வசதி இல்லாத ரூட்டருக்குத்தான் கைவேலை.

முதலில் ரூட்டரை முழுதாகத் திருப்பி அடியிலுள்ள ஒட்டுச்சீட்டைப் படியுங்கள். மாடல் பெயரோடு V1, V2, V3 என்பது போல ஒரு வன்பொருள் பதிப்பும் இருக்கும். ஒரே பெயரில் விற்றாலும் V1-க்கும் V3-க்கும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம். தவறான பதிப்பின் கோப்பைக் கொடுத்தால் பெரும்பாலான ரூட்டர்கள் மறுத்துவிடும். மறுக்காதவை அதோடு எழாது. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கும், உங்கள் பதிப்புக்கும், நீங்கள் வாங்கிய நாட்டுக்கும் உரிய கோப்பை மட்டும் இறக்குங்கள். அதன் கீழே இருக்கும் குறிப்பையும் படியுங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து வருபவர்கள் இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டே வர வேண்டும் என்று சில மாடல்களுக்குச் சொல்லியிருப்பார்கள்.

தளத்தில் SHA256 எண் கொடுத்திருந்தால் ஒத்துப்பாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கமா என்று அதில் தெரிந்துவிடும். விண்டோஸில் முதல் கட்டளை, லினக்ஸில் இரண்டாவது:

```
certutil -hashfile firmware.bin SHA256
sha256sum firmware.bin
```

ஜிப் கோப்பாக வந்தால் விரித்து உள்ளே இருக்கும் கோப்பையே ரூட்டருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அட்மின் பக்கத்தில் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இணைப்புப் பக்கத்தை ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். புதிய ஃபர்ம்வேர் சில சமயம் பழைய அமைப்புக் கோப்பை ஏற்காது, அப்போது படம்தான் கைகொடுக்கும்.

ஏற்றும் வேலையை வைஃபையில் செய்யாமல் கேபிளில் செய்யுங்கள். கோப்பைக் கொடுத்து உறுதிசெய்ததும் ரூட்டர் பழைய ஃபர்ம்வேரை அழித்து அதே இடத்தில் புதியதை எழுதத் தொடங்கும். இந்த இரண்டு மூன்று நிமிடம்தான் ஆபத்தான நேரம். பாதியில் மின்சாரம் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையில்லை. சில ரூட்டர்கள் இரண்டு இடம் வைத்து மாற்றி மாற்றி எழுதும், அவை தப்பிக்கும். பக்கம் அசையவில்லை, விளக்கு விட்டுவிட்டு எரிகிறது என்று பொறுமையிழந்து அணைப்பதுதான் மின்வெட்டைவிட அதிகம் நடக்கும் விபத்து. பத்து நிமிடம் முழுதாகக் கொடுங்கள். அதற்குப் பிறகும் எழவில்லை என்றாலும் கதை முடிந்ததாக அர்த்தமில்லை. தொடக்க நிரலான பூட்லோடர் தனி இடத்தில் இருப்பதால், அதன் வழியே ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றும் மீட்பு முறை பல மாடல்களில் உண்டு. வழிமுறை மாடலுக்கு மாடல் மாறும், தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை விசித்திரமாக நடந்துகொண்டால் அந்தத் துளையை இப்போது அழுத்தலாம். முழு ரீசெட் செய்து அமைப்புகளைக் கையால் திரும்பக் கொடுத்தால், பழைய பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த குழப்பங்கள் போய்விடும்.

ஒரு ரூட்டரை முழுதாகப் பார்ப்போம்

ஏழு வருடமாக ஓடும் ஒரு ரூட்டரை எடுத்துக்கொள்வோம். மாலை நேரங்களில் இணையம் இரண்டு நிமிடம் காணாமல் போய்த் தானே திரும்புகிறது. `Uptime` பார்த்தால் சில நிமிடங்களே காட்டுகிறது. ஆக, லைன் போகவில்லை, ரூட்டரே விழுந்து எழுகிறது. பகலில் பளு குறைவு, மாலையில் அதிகம், எனவே அடாப்டர் மீது சந்தேகம். 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரை எடுத்துவிட்டு அதே பின் கொண்ட 12 வோல்ட் 1.5 ஆம்பியர் போட்டதும் `Uptime` தடையில்லாமல் ஏறிக்கொண்டே போகிறது. கோளாறு தீர்ந்தது, ரூட்டர் நன்றாகவே இருக்கிறது.

இப்போது ஃபர்ம்வேரைப் பார்க்கத் தளத்துக்குப் போனால், கடைசிக் கோப்பு நான்கு வருடம் பழையது. மாடலும் ஆதரவு முடிந்தவற்றின் பட்டியலில் இருக்கிறது. மாற்ற வேண்டியது இப்போதுதான், கோளாறு எல்லாம் சரியான பிறகு. இனி கண்டுபிடிக்கப்படும் எந்த ஓட்டையையும் யாரும் அடைக்கப் போவதில்லை. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வெளியிட்ட எச்சரிக்கை இத்தகைய ரூட்டர்களைப் பற்றியதுதான். ஆதரவு முடிந்த ரூட்டர்களில் நிரலைப் புகுத்தி, குற்றவாளிகள் தங்கள் அடையாளத்தை மறைக்கும் இடைவழியாக அந்த வீடுகளின் இணைப்பைப் பயன்படுத்துவதாக அது சொன்னது. வீட்டில் இருப்பவர்களுக்கு வேகம் குறைந்ததுகூடத் தெரியாமல் போகலாம்.

ரீஸ்டார்ட் இதற்கு மருந்தாகுமா? அரைகுறையாகத்தான். 2016-இல் பரவிய மிராய் என்ற தீய நிரல் ராமில் மட்டுமே இருந்ததால் ரீஸ்டார்ட்டில் அழிந்தது, ஆனால் தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத கருவிகளில் மறுபடி புகுந்தது. 2018-இல் வெளிப்பட்ட விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு தீய நிரலின் முதல் கட்டம் ரீஸ்டார்ட்டையும் தாண்டி நின்றது. ஓட்டை அடைபடாதவரை துடைத்த இடத்தில் மறுபடி வந்து உட்காரும்.

ஆதரவு முடிந்த சில மாடல்களுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த ஃபர்ம்வேர் கிடைக்கும். உங்கள் மாடலும் வன்பொருள் பதிப்பும் அதன் பட்டியலில் இருந்து, கொஞ்சம் பொறுமையும் இருந்தால் ஆயுளை நீட்டிக்கலாம். 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் கொண்ட பழைய மாடல்களில் அதன் இப்போதைய பதிப்புகள் கொள்ளாது.

மாற்றச் சொல்லும் மற்ற காரணங்கள் சிலவே. உங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் இருந்தும், கேபிளில் அளந்தால் எப்போதும் 94 பக்கம் வந்து நிற்கிறது என்றால் ரூட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. அந்த 94 என்பது அதன் உச்சம், எந்த அப்டேட்டும் அதை உயர்த்தாது. நான்கு ஜோடிக் கம்பியில் ஒன்று அறுந்த கேபிளும் இதே எண்ணைத்தான் தரும், எனவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். வைஃபை பாதுகாப்பில் WPA2-கூட இல்லாத ரூட்டரை யோசிக்காமல் மாற்றலாம். அடாப்டர், வெப்பம், ஃபர்ம்வேர், முழு ரீசெட் எல்லாம் பார்த்தும் கேபிளில்கூட உறைந்துபோகும் ரூட்டர் உள்ளே தளர்ந்துவிட்டது. வயது மட்டும் ஒரு காரணமல்ல. அப்டேட் வந்துகொண்டிருக்கும் எட்டு வயது ரூட்டர், கைவிடப்பட்ட மூன்று வயது ரூட்டரைவிட நல்லது. வாங்கும்போதும் ஆன்டெனா எத்தனை என்று எண்ணுவதைவிட, எந்த வருடம்வரை அப்டேட் தருவதாகத் தயாரிப்பாளர் சொல்கிறார் என்று பார்ப்பது பயன்தரும்.

புதியதைப் பொருத்தும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் கொடுத்தால், வீட்டிலுள்ள கருவிகளில் பெரும்பாலானவை தாமாகவே இணைந்துவிடும். பழைய பிரிண்டரோ கேமராவோ மட்டும் சேர மறுத்தால் பாதுகாப்பு முறையை WPA3-இலிருந்து WPA2/WPA3 கலப்புக்கு மாற்றுங்கள். அதற்கும் சேராதவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பேசத் தெரிந்தவை, எனவே அந்த அலைவரிசை அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரூட்டரை யாருக்காவது கொடுப்பதற்கு முன்போ கழிப்பதற்கு முன்போ ஒருமுறை மின்சாரம் கொடுத்து முழு ரீசெட் செய்துவிடுங்கள். உங்கள் இணைய நிறுவனத்தின் பயனர் பெயரும், இப்போது புதிய ரூட்டரிலும் இருக்கும் அதே வைஃபை பாஸ்வேர்டும் அதன் ஃபிளாஷில் அப்படியே இருக்கின்றன.